மண்சரிவுக்கு யார் மன்னிப்புக் கேட்பது?

கேள்வி: ஐயா, நான் கோத்தகிரியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். தோழி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குப் போகாததற்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதச் சொன்னார்கள். மழை, மண்சரிவு, பஸ் வரவில்லை என்று காரணம் எல்லாம் சரியாகத்தான் எழுதினேன். "இது மன்னிப்புக் கடிதமே இல்லை" என்று டீச்சர் சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறு? நான் எழுதியதை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதிரி விடையும் எழுதித் தாருங்கள்.

பதில்:

உன் டீச்சர் சொன்னது சரிதான் அம்மா. நீ எழுதியதில் இந்த இரண்டு வரியை வாய்விட்டுப் படித்துப் பார்: "பலத்த மழை காரணமாகவும் சாலையில் மண்சரிவு ஏற்பட்டதாலும் என்னால் விழாவிற்கு வர இயலவில்லை. இதற்காக மிகவும் வருந்துகிறேன்." பஸ் ஸ்டாண்டில் ஒட்டுகிற அறிவிப்பு மாதிரி இல்லையா? பிழை ஒன்றும் கிடையாது, ஒற்றுகூடச் சரியாக விழுந்திருக்கிறது. ஆனால் இதைப் படிக்கிற தோழி உன்னை எதற்காக மன்னிப்பாள்? மழை பெய்ததற்கா?

நான் முப்பது வருடம் இந்த மலையில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன். இந்தக் கேள்வி வந்தால் விடைத்தாளில் பாதிக்கு மேல் மண்சரிவாகத்தான் இருக்கும். கீழே சமவெளியில் இருக்கிற பிள்ளைகள் காய்ச்சல் என்று எழுதுவார்கள், நம் பிள்ளைகள் மண்சரிவு என்று எழுதுவார்கள். அதில் பொய் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் இங்கே எந்த ரோடு எப்போது அடைபடும் என்று யாருக்கும் தெரியாது. 2009 நவம்பரில் ஒரே வாரத்தில் மலை முழுக்க எத்தனை இடத்தில் மண் சரிந்தது, எத்தனை உயிர் போனது என்று உன் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆகவே காரணம் நம்பும்படிதான் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான். காரணம் முழுதாக உன்னைக் காப்பாற்றிவிட்டால் கேட்பதற்கு மன்னிப்பு என்று ஒன்றும் மிஞ்சாது. அப்போது நீ எழுதியிருப்பது விளக்கக் கடிதம்.

எழுத உட்காருவதற்கு முன்னால் அந்த நாளை மணிவாரியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விழா திங்கட்கிழமை காலை என்று வைத்துக்கொள்வோம். இரவு மழையில் கட்டபெட்டுப் பக்கம் ஒரு கற்பூர மரம் ரோட்டின் குறுக்கே விழுந்துவிட்டது, குன்னூர் பஸ் போகவில்லை. இதில் உன் தவறு இல்லை. கொஞ்சம் பின்னால் போவோம். ஞாயிற்றுக்கிழமை மாலையே வந்து தங்கச் சொல்லித் தோழி கூப்பிட்டிருந்தாளா? மூன்று நாளாக மழை விடாமல் பெய்கிறது என்று தெரிந்தும், "காலையில் முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்" என்றாயா? அது உன் முடிவு. இப்போது கொஞ்சம் முன்னால் வருவோம். பஸ் இல்லை என்று ஆறு மணிக்குத் தெரிந்தது. அவளுக்கு எப்போது சொன்னாய்? அவள் கூப்பிட்டபோது எடுத்தாயா? "என்ன சொல்வது என்று தெரியாமல்" எடுக்காமல் விட்டாயா? அதுவும் உன்னுடையது. மரம் விழுவதற்கு முந்தின மாலையும் விழுந்ததற்குப் பிந்தைய ஒரு வாரமும் உன் கணக்கில் வருகிறவை. மன்னிப்பை அந்த இரண்டுக்கும்தான் கேட்க வேண்டும். மரத்துக்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்.

அடுத்தது, தோழிக்கு அன்று என்ன குறைந்தது என்று யோசிக்க வேண்டும். "நான் வராதது உனக்கு வருத்தமாக இருந்திருக்கும்" என்பது எந்த விழாவுக்கும் எழுதலாம். புதுமனை புகுவிழா என்றால் அதற்குள்ளே என்ன நடக்கிறது? விளக்கும் நிறைகுடமும் எடுத்துக்கொண்டு வாசல்படி தாண்டுகிறார்கள், புது அடுப்பில் பால் பொங்க வைக்கிறார்கள், அதற்கு நேரம் குறித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் யாருக்காகவும் காத்திருக்க முடியாது. குடம் எடுப்பதற்கு உன்னைச் சொல்லி வைத்திருந்தார்கள் என்றால், நீ வராததால் கடைசி நிமிடத்தில் வேறு ஒரு பெண்ணைத் தேடியிருப்பார்கள். அந்தக் காட்சியை எழுது.

இதையெல்லாம் வைத்து நான் எழுதிய மாதிரி கீழே இருக்கிறது. தோழி குடும்பம் நெடுநாள் எஸ்டேட் லயன் வீட்டில் இருந்து இப்போது சொந்த வீடு கட்டியிருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். பெயர்கள் கற்பனை.

கோத்தகிரி,
10-11-2025.

அன்புள்ள கோகிலா,

சென்ற திங்கட்கிழமை உங்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு நான் வரவில்லை. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வரவில்லை. வரவில்லை என்று உனக்குச் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு மாலையே வந்து தங்கச் சொன்னாய். மழைக்காலத்தில் காலைப் பஸ்ஸை நம்பாதே என்று உங்கள் அம்மாவும் சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை. வீட்டிலேயே தூங்கிவிட்டு முதல் பஸ்ஸில் வந்துவிடலாம் என்று சோம்பலாக இருந்துவிட்டேன். இரவில் கட்டபெட்டு அருகே மரம் விழுந்து ரோடு அடைபட்டது என்பது உண்மைதான். ஆனால் ஞாயிறே கிளம்பியிருந்தால் அந்த மரம் எனக்குக் குறுக்கே வந்திருக்காது.

பஸ் இல்லை என்று காலை ஆறு மணிக்கே எனக்குத் தெரியும். அப்போதே உன்னைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நீ திட்டுவாயோ என்று பயந்து போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஆறே காலிலிருந்து நீ மூன்று முறை கூப்பிட்டாய். எடுக்கவில்லை. நிறைகுடம் நான்தான் எடுத்து வர வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். குடத்தில் மாவிலையும் தேங்காயும் வைத்துவிட்டு வாசலில் எல்லோரும் நின்றதாகவும், நேரம் போகிறது என்று கடைசியில் உன் சித்தி மகளைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்று நீ வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க மாட்டாய். உள்ளே அடுப்புப் பக்கம் இருந்து பால் பொங்குவதைப் பார்த்திருப்பாய்.

லயன் வீட்டில் மழை ஒழுகும்போது நாம் இரண்டு பேரும் பாத்திரம் வைத்துக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியது எனக்கு மறக்கவில்லை. சொந்த வீட்டுக்குள் உங்கள் பாட்டி கால் வைக்கிற அந்த நேரத்தில் நான் அங்கே இருந்திருக்க வேண்டும். அது திரும்பி வராது என்று எனக்குத் தெரியும்.

வருகிற சனிக்கிழமை பள்ளி முடிந்ததும் மாலைப் பஸ்ஸிலேயே கிளம்பி வருகிறேன். உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் நானே நேரில் சொல்கிறேன், நீ எனக்காகப் பேச வேண்டாம். எங்கள் வீட்டுப் பந்தலில் முளைவிட்ட மேரக்காய் இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன். புது வீட்டுப் பின்பக்கம் நட இடம் இருக்கிறது என்று சொன்னாயே, ஞாயிறு காலையில் நட்டுவிடலாம். நான் வருவது உனக்கு இப்போது வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல், பொறுத்து வருகிறேன்.

என்னை மன்னித்துவிடு.

உன் அன்புத் தோழி,
செல்வி.

இப்போது உன் விடையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார். நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் சில சிறிய சொற்களில் இருக்கிறது. அவற்றில் முதலாவதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் மொழியில் இது ஒரு பழைய ஒளிவிடம்.

நீ எழுதியது "என்னால் வர இயலவில்லை." இதில் 'நான்' எங்கே? இல்லை. மூன்றாம் வேற்றுமை 'ஆல்' வந்ததும் நீ எழுவாய் இடத்திலிருந்து இறங்கிவிட்டாய், வராதது என்னவோ தானாக நடந்தது போல் ஆகிவிட்டது. மழையாலும், மண்சரிவாலும், என்னாலும், எல்லாமே ஒரே வரிசையில் நிற்கின்றன. "நான் வரவில்லை" என்று எழுதிப் பார். மூன்று சொல் இரண்டாகிறது, ஆனால் யார் வரவில்லை என்பது தெளிவாகிவிடுகிறது. இதே வேலையை வேறு சில தொடர்களும் செய்யும். "எனக்கு மறந்துவிட்டது" என்கிறோம், நான்காம் வேற்றுமை. மறதி எங்கிருந்தோ வந்து நமக்கு நேர்ந்த மாதிரி. "மறந்துவிட்டேன்" என்றால்தான் பொறுப்பு. "தாமதமாகிவிட்டது", "தவறு நடந்துவிட்டது", "சொல்ல முடியாமல் போய்விட்டது" எல்லாம் இந்த ரகம். அன்றாடப் பேச்சில் இவை இல்லாமல் ஒரு நாளும் ஓடாது, நானும் தினம் சொல்கிறேன். மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் ஒவ்வொரு தவறு வாக்கியத்துக்கும் எழுவாய் தேடு. உன் விடையில் வராததைச் சொல்கிற வாக்கியங்களில் தேடினேன், மழை இருக்கிறது, மண்சரிவு இருக்கிறது, பஸ் இருக்கிறது, நீ 'வருந்துகிறேன்' என்ற ஒரே வினைமுற்றில் மட்டும்தான் இருக்கிறாய்.

அந்த 'வருந்துகிறேன்' பற்றியும் சொல்லியாக வேண்டும். மழை பெய்ததற்கு நீ வருந்தலாம், பக்கத்து வீட்டு மாடு தொலைந்ததற்கும் வருந்தலாம். வருத்தப்படுவதற்குத் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. மன்னிப்புக் கேட்பதற்குச் செய்திருக்க வேண்டும். மன்னிப்புக் கடிதம் என்று தலைப்பில் கேட்டுவிட்டு, உள்ளே மன்னிப்பு என்ற சொல்லே வராத விடைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "மன்னிக்கவும்" என்பதையும் தோழிக்கு எழுதாதே. அது தலைமை ஆசிரியருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும் எழுதுவது. நீ, வா, போ என்று பேசுகிறவளுக்கு "மன்னித்துவிடு"தான் இயல்பு. அதையும் ஒரு முறை சொன்னால் போதும். பத்திக்குப் பத்தி மன்னித்துவிடு, மன்னித்துவிடு என்று வந்தால் அது ஏவலாக மாறி அவளை நெருக்க ஆரம்பித்துவிடும்.

அடுத்து 'ஆனால்'. மாதிரியில் "மரம் விழுந்தது உண்மைதான். ஆனால் ஞாயிறே கிளம்பியிருந்தால்..." என்று வருகிறது. இதையே திருப்பிப் போடு: "ஞாயிறே கிளம்பியிருக்கலாம், ஆனால் மரம் விழுந்துவிட்டது." செய்தி மாறவில்லை. ஆனாலும் முதல் வரியில் கடைசியாக நிற்பது உன் தவறு, இரண்டாவதில் மரம். படிப்பவர் மனத்தில் 'ஆனால்' என்பதற்குப் பின்னால் வருவதுதான் தங்கும். 'இருந்தாலும்', 'இருப்பினும்' இரண்டுக்கும் இதே கதைதான்.

இன்னொன்று, நீ கடைசியில் "உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு" என்று எழுதியிருக்கிறாய். அதில் 'இருந்தால்' எதற்கு? மூன்று முறை போன் செய்தவளுக்கு மனம் புண்பட்டதா இல்லையா என்று உனக்குச் சந்தேகமா? அந்த ஒரு சொல் தவறை உன்னிடமிருந்து எடுத்து அவள் மனத்தின் மேல் வைத்துவிடுகிறது. எடுத்துவிடு.

சில பிள்ளைகள் எதிர்ப்பக்கமாகப் போய் விழுவார்கள். "நான் பாவி, துரோகி, உன் தோழியாக இருக்கவே தகுதியில்லாதவள், என்னை மன்னிப்பாயா?" ஒரு வருடம் ஒரு பையன், நண்பனின் அண்ணன் கல்யாணத்துக்குப் போகாததற்கு, "இனி நான் உயிரோடு இருந்து என்ன பயன்" என்று எழுதியிருந்தான். திருத்திக்கொண்டிருந்த எனக்கே பதறியது, கூப்பிட்டு விசாரித்தேன். "உருக்கமாக இருக்கட்டும் என்று எழுதினேன் சார்" என்றான். இப்படி எழுதினால் படிக்கிற நண்பன் தன் வருத்தத்தை மறந்துவிட்டு உனக்கு ஆறுதல் சொல்ல ஓடிவர வேண்டியிருக்கும். அதுவும் ஒரு வகைத் தப்பித்தல். என்ன செய்தாயோ அதை அளவாகச் சொல். மாதிரியில் "சோம்பலாக இருந்துவிட்டேன்", "பயந்து எடுக்கவில்லை" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன்.

தொடக்கத்தில் நீ போட்டிருந்த "நலம், நலமறிய ஆவல்" என்பதையும் எடுத்துவிட்டேன். உறவுமுறைக் கடிதத்தில் அது தவறே அல்ல, எல்லாப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. டீச்சர் எதிர்பார்த்தால் ஒரு வரி போட்டுக்கொள். ஆனால் ஒரு வாரம் போன் எடுக்காமல் இருந்துவிட்டு நலமறிய ஆவல் என்றால் கொஞ்சம் இடிக்கும், இல்லையா?

பரிகாரம் என்கிற பத்தியில் "அடுத்த விழாவுக்குக் கண்டிப்பாக வருவேன்" என்று எழுதியிருக்கிறாய். அந்த வீட்டில் அடுத்த புதுமனை புகுவிழா எப்போது? நாள், நேரம், என்ன செய்யப்போகிறாய் என்று சொல்வது நல்லது. மாதிரியில் சனிக்கிழமை மாலையே கிளம்புவதாக எழுதியது தற்செயல் இல்லை. ஞாயிறு மாலை செய்யாமல் விட்டதை இப்போது செய்கிறாள். பரிசு என்று பெரிதாக எதையும் வைக்காதே. பத்தாம் வகுப்புப் பெண் வெள்ளிக் குத்துவிளக்கு வாங்கி வருகிறேன் என்றால் திருத்துகிறவர் நம்பமாட்டார். நம் ஊரில் எந்த வீட்டுப் பந்தலிலும் மேரக்காய் தொங்கும், முழுக்காயை முளையோடு நட்டால் கொடி பிடித்துக்கொள்ளும். கைக்கு எட்டுகிற பொருளாக இருந்தால் போதும்.

உண்மையாகவே உன் பக்கம் தவறு எதுவும் இல்லாத சந்தர்ப்பமும் உண்டு. ஆஸ்பத்திரியில் இருந்தாய், வீட்டில் துக்கம், உடனே சொல்லியும் விட்டாய். அப்போது இந்த மாதிரி பொருந்தாது. வராததற்கு வருந்துகிறேன் என்று நேராகச் சொல்லிவிட்டு விழாவைப் பற்றி விசாரித்து எழுதலாம். தேர்வில் மன்னிப்புக் கடிதம் என்றே கேட்டிருந்தால் மட்டும், கற்பனைதானே, ஒரு சிறு தவறை நீயே செய்துகொள்.

மற்றவை வடிவம் சம்பந்தப்பட்டவை, சுருக்கமாகச் சொல்கிறேன். வலப்பக்க மேல் மூலையில் இடமும் நாளும், அப்புறம் விளி, முடிவில் வலப்பக்கம் உன் அன்புத் தோழி என்று. தேர்வுத்தாளில் சொந்தப் பெயரையும் பள்ளிப் பெயரையும் எழுதாதே, கேள்வியில் கொடுத்த பெயரைப் போடு. "மன்னிப்புக் கேட்க" என்பதில் 'க்' கட்டாயம் வரும், மன்னிப்பு வன்தொடர்க் குற்றியலுகரம். "அன்புத் தோழி"யிலும் ஒற்று உண்டு. கையெழுத்துக்குக் கீழே ஒரு கட்டம் போட்டு உறைமேல் முகவரி எழுத வேண்டும், நேரம் இல்லை என்று விட்டுவிடாதே:

பெறுநர்
செல்வி கோ. கோகிலா,
கதவு எண் 4, பிள்ளையார் கோயில் தெரு,
குன்னூர் – 643101.

உன் விடையில் உறையும் இருந்தது, பின்கோடும் சரி. ஆனால் முகவரியில் எஸ்டேட் பெயரும் லயன் எண்ணும் போட்டிருக்கிறாய். அவர்கள்தான் அங்கிருந்து கிளம்பிவிட்டார்களே! அழைப்பிதழில் இருக்கிற புது வீட்டு முகவரியைப் போடு.